மலருக்கு, சுதாவின் வேண்டுகோள் பற்றி

ஜூரோங் வெஸ்ட்
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஈப்போவில் எல்லாரும் நலம்தானே? உன் மாமியார் அனுப்பிய கடலை உருண்டை வந்து சேர்ந்தது. டப்பாவைத் திருப்பித் தரவில்லை என்று நீ திட்டுவாய். அது என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பச்சைக் குடையைப் போலவே.

சேதிக்கு வருகிறேன். தம்பி மனைவி சுதாவுக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். சிறுவயதில் மன்னார்குடியில் அவளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. தொண்டைப் புண்ணை அடுத்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் அது. மூட்டைச் சும்மா தொட்டுவிட்டு இதயத்தின் வால்வில் தங்கிவிடும் என்றார் மருத்துவர். இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் அது தெரியவரும். இப்போது அவளுடைய மைட்ரல் வால்வு சுருங்கிச் சுண்ணாம்புபோல் இறுகிவிட்டது. இரவில் படுத்தால் இருமல் வருகிறது, மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாள். பலூன் வைத்து விரிக்க முடியுமா என்று கேட்டோம். வால்வு இறுகிப்போனதோடு இதய அறைக்குள் இரத்தக்கட்டியும் இருப்பதால் முடியாது, மாற்று வால்வுதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனை கொடுத்த மதிப்பீடு 66,000 வெள்ளி. தம்பி என்னிடம் வந்தது பணத்துக்கு முன்னால் ஒரு காகிதத்துக்காக. அவன் நண்பன் ஒருவன் நல்ல மனத்தோடு நிதி திரட்டும் தளத்தில் ஒரு வேண்டுகோள் எழுதிப் போட்டிருந்தான். ஒன்பது நாளில் 1,300 வெள்ளி சேர்ந்திருந்தது. “அக்கா, நீங்க இதைத் திருத்திக் கொடுங்க” என்றான். நான் பிழை திருத்திவிட்டுப் போய்விடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று இரவு போய்விட்டது மலர். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் என் கட்டுரையை வாங்கிப் படித்து முகம் சுளித்தவள் நீதானே.

முதல் வரி இப்படி இருந்தது: “மூச்சுத்திணறலால் அவதிப்படும் இரண்டு பிள்ளைகளின் தாய், உயிருக்கு போராடி கொண்டிருக்கிறார்.” படித்துப் பார். மூச்சுத் திணறுவது யாருக்கு? பிள்ளைகளுக்கு என்றுதான் கண் படிக்கிறது, ஏனென்றால் பெயரெச்சம் தனக்கு அடுத்து வரும் பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். தேக்காவில் என்னைப் பார்த்த ஒரு பெண்மணி, “பெரியவனுக்கா சின்னவளுக்கா?” என்றே கேட்டுவிட்டார். நண்பன் விட்ட வல்லின ஒற்றை நான் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவேன். இந்தப் பிழை ஒற்றைவிடப் பெரியது. பணம் கொடுக்க வந்தவர் வாசலிலேயே தவறான படுக்கையைப் பார்க்கிறார்.

அடுத்த பத்தியில் இன்னொன்று. “கணவர் லாரி ஓட்டுநர். அவர் வேலைக்குச் செல்ல முடியாமல் அவரைக் கவனித்து வருகிறார். அவருக்கு உடனடியாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று அவர் கூறிவிட்டார்.” நான்கு ‘அவர்’. மரியாதைக்குப் போட்ட சொல் யாருக்கு நோய் என்பதையே மறைத்துவிட்டது. நம் மொழியில் ‘அவர்’ ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், மருத்துவருக்கும் வரும். ஆகவே பெயரையும் உறவையும் திரும்பத் திரும்ப எழுதினேன். சுதா, சுதாவின் கணவர், மருத்துவர். அழகு கொஞ்சம் குறைந்தது, குழப்பம் போய்விட்டது. வாக்கியங்களைச் சிறிதாக்கினேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று போதும் என்று வைத்துக்கொண்டேன்.

‘இதய அடைப்பால் மருத்துவர்கள் கைவிட்ட நிலையில்’ என்றும் இருந்தது. இதில் இரண்டு பொய். அடைப்பு என்றால் இரத்தக் குழாயில் வருவது, ஸ்டென்ட் வைப்பார்கள். இவளுக்கு வால்வுச் சுருக்கம். மருத்துவர்கள் கைவிடவும் இல்லை, தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரக்கம் வரட்டும் என்று எழுதியிருக்கிறான். ஆனால் கைவிடப்பட்டவளுக்கு எதற்குப் பணம் என்று ஒருவர் நினைத்தால் நாம் என்ன பதில் சொல்வது? கூடவே மருத்துவர் கடிதத்தை இணைத்தால் அதில் வேறு நோய் இருக்கும். அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, எழுதாமல் விட்டது. சிங்கப்பூரில் இதைப் படிக்கிற எவரும் முதலில் கேட்பது, “மெடிஷீல்டு லைஃப் இல்லையா?” என்பதுதான். அந்த அரசு மருத்துவக் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். சுதா நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறாள், அதனால் இல்லை. அந்த ஒரு வரி பழைய வேண்டுகோளில் எங்கும் இல்லை. இரண்டாவது கேள்வி, “ஊரில் செய்தால் குறைவாக முடியுமே?” ஆமாம், முடியும். ஆனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, இந்த நிலையில் விமானத்தில் போக வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லாவிட்டால் கேட்பவர் கேட்காமலே கடந்து போவார். அது இன்னும் மோசம்.

பிறகு அந்தச் சொற்கள். ‘காலில் விழுந்து கேட்கிறோம்’, ‘ஒரு வெள்ளி என்றாலும் பிச்சையாக ஏற்று கொள்வோம்’. மலர், இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி பதினெட்டு வயதிலிருந்து வேலை பார்க்கிறவன். அவன் மகளுக்கு வாசிக்கத் தெரியும். நாளைக்குத் தன் அம்மா பிச்சை கேட்டாள் என்று அவள் ஏன் படிக்க வேண்டும்? கெஞ்சும் சொல்லை எடுத்துவிட்டு, எதற்கு, எவ்வளவு, எப்போது என்று எழுதினால் போதும். கேட்பதில் தாழ்வு இல்லை. கேட்கும் தொகை எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் கொடுப்பவர் தம்மோடு சமமாக உட்கார்ந்து பேசுவதாக உணர்வார்.

அதனால் கணக்கைத் திறந்து வைத்தேன். ‘லட்சக்கணக்கில்’ என்றிருந்த இடத்தில் மொத்தம், கையில் உள்ளது, மீதி என்று மூன்று எண். தம்பியின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எடுக்கக்கூடியதும் சேமிப்பும் சேர்த்து 14,000. மாமாவும் சித்தப்பாவும் தந்த கடன் 8,000. அவன் கம்பெனித் தோழர்கள் திரட்டியது 4,000. ஆக 26,000. மீதி 40,000. தளத்துக்கு முன்பு கொடுத்த இலக்கு 1,00,000. எதற்கு என்று கேட்டால், “குறைந்தால் என்ன செய்வது என்று கூட்டிப் போட்டோம்” என்றான் அந்த நண்பன். நான் அதைக் குறைக்கச் சொன்னேன். கூட்டிக் கேட்டது என்று ஒருவருக்குத் தெரிந்தால் மீதி உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும். தளத்தில் சரிபார்க்கவும் செய்கிறார்கள். 2018-இல் இணைய நிதித் திரட்டுக்கு நடத்தை நெறி ஒன்று வந்ததிலிருந்து மருத்துவமனைக் கடிதம், மதிப்பீடு எல்லாம் கேட்கிறார்கள்.

படத்தையும் மாற்றினேன். குழாயும் முகமூடியுமாகக் கட்டிலில் படுத்திருந்த படம், அதன் மூலையில் அவளுடைய அனுமதி அட்டையின் எண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேக்காவில் மல்லிகை வாங்கும்போது எடுத்த படத்தைச் சுதாவே தேர்ந்து கொடுத்தாள்.

இதோ, இப்போதைய வடிவம்:

“சுதா, வயது 36. இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு ஆண்டுகளாகச் சுதாவுக்கு மூச்சுத்திணறல் இருந்துவந்தது. இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதே காரணம் என்று சிங்கப்பூர் மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்த வேண்டும். விமானப் பயணம் கூடாது என்று மருத்துவர்கள் கூறியுள்ளதால் சிகிச்சையை இங்கேயே செய்ய வேண்டியுள்ளது.

சுதா நீண்டகால வருகை அனுமதியில் வசிப்பதால் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி கிடையாது. மருத்துவமனையின் மதிப்பீடு 66,000 வெள்ளி. எங்கள் சேமிப்பு, மெடிசேவ், உறவினர் கடன், நண்பர்களின் உதவி ஆகியவற்றால் 26,000 வெள்ளி திரட்டியுள்ளோம். மீதி 40,000 வெள்ளிக்கு உங்கள் உதவியை நாடுகிறோம். நிதி நேரடியாக மருத்துவமனைக்குச் செலுத்தப்படும். மீதம் இருந்தால் இதே தளத்தில் வேறொரு நோயாளிக்குப் போய்ச் சேரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகான மாத்திரை, இரத்தப் பரிசோதனைச் செலவுகளை நாங்களே பார்த்துக்கொள்வோம். மருத்துவர் கடிதமும் மதிப்பீடும் கீழே உள்ளன.”

‘நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்ற வரி என்னுடையது இல்லை. எழுதி முடித்ததும் சுதாவுக்குப் படித்துக் காட்டினேன். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். செயற்கை வால்வு வைத்தால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டும், அடிக்கடி இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். “அக்கா, மாத்திரைக்கு நான் யாரையும் கேட்கல. அதைப் போடுங்க” என்றாள். அந்த வரியைச் சேர்த்து வாசித்ததும், “இன்னொரு தரம் படிங்க” என்றாள். நான்காவது தடவையில்தான், “ம், சரி” என்றாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கு முன்பணம் கட்ட வேண்டும். நேற்று மாலை இந்த வடிவத்தைப் போட்டார்கள். தொலைபேசியில் இப்போது கேட்பது, “எந்தத் தேதிக்குச் சேர்க்கிறீர்கள்?” என்றுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இதை உன் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டு. எந்த இடத்தில் அவர் “என்னது?” என்று கேட்கிறாரோ அதை அப்படியே எனக்கு எழுது. தளத்தில் இன்னும் திருத்தலாம், வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறது. அத்தோடு நம் வகுப்பு ஆசிரியர், அந்தச் சிவப்புப் பேனாக்காரரின் முகவரி உன்னிடம் இருந்தால் அனுப்பு, அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

டப்பா அடுத்த மாதம் கட்டாயம் வரும்.

அன்புடன்,
வசந்தா