பேஸ்64 பூட்டு அல்ல: உறைபெட்டி வெப்பநிலைக் கருவி குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசியில் என் மனைவியிடம் பேசிய உங்கள் அதிகாரி, தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்று கூறியதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் மின்னஞ்சல் பதிலில் உள்ள ஒரு வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊழியர் மீது பழி சுமத்தியிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான்கு கடைகள் பகிர்ந்துகொள்ளும் தொழிற்பேட்டைச் சமையற்கூடத்தில் என் மனைவி விருந்துச் சமையல் நடத்துகிறார். அங்குள்ள உறைபெட்டியில் உங்கள் வெப்பநிலைக் கருவியைப் பொருத்தியிருக்கிறோம். வெப்பநிலை −12 டிகிரிக்கு மேலே ஏறி அரை மணி நேரம் நீடித்தால் எங்கள் கைத்தொலைபேசி ஒலிக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு உறைபெட்டி நின்றுபோனது. காலையில் போய்ப் பார்த்தபோது உள்ளே +6 டிகிரி. தொலைபேசி ஒலிக்கவே இல்லை. 22 கிலோ ஆட்டிறைச்சியையும் மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிரத்தையும் குப்பையில் கொட்டினோம். இழப்பு 410 வெள்ளி.

உங்கள் இணையப் பக்கத்தில் பார்த்தால், எச்சரிக்கை வரம்பை யாரோ −12 இலிருந்து +15க்கு மாற்றியிருந்தார்கள். முந்தைய வெள்ளி இரவு 11.52 மணிக்கு, எங்கள் பயனர் பெயரிலேயே, சரியான கடவுச்சொல்லுடன் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அந்தக் கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூவர்தான்: என் மனைவி, நான், ஆறு ஆண்டுகளாக எங்களுடன் வேலை செய்யும் அக்கா ஒருவர். உங்கள் பதில் இப்படி வந்தது: “கருவி அனுப்பும் கடவுச்சொல் பேஸ்64 முறையில் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது. எனவே அது வழியில் கசிய வாய்ப்பில்லை. உங்கள் ஊழியர்களை விசாரியுங்கள்.” அதைப் படித்த அக்கா, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழுதார். நான் 19 ஆண்டுகளாக அலுவலக வலையமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தப் பதிலைச் சும்மா விட என்னால் முடியாது.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் ‘குறியாக்கம்’ என்பதை இரண்டு வேறு செயல்களுக்கும் எழுதுகிறார்கள். ஒன்று, எழுத்தை வேறு வடிவில் மாற்றி எழுதுவது. மற்றொன்று, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டுவது. இந்தக் கடிதத்தில் முதலாவதைக் குறிமாற்றம் என்றும் இரண்டாவதை மறையாக்கம் என்றும் எழுதுகிறேன். பேஸ்64 முதல் வகை. உங்கள் பதில் அதை இரண்டாம் வகையாகக் கொண்டுவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன். என் மடிக்கணினியில் ஹாட்ஸ்பாட் திறந்து, எங்கள் கருவியை அதில் இணைத்தேன். கருவி அனுப்பும் எல்லாமே அப்போது என் கணினி வழியாகத்தான் போயாக வேண்டும். வலையமைப்பில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து, வடிகட்டியில் `http.authorization` என்று தட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் இது வந்தது. எங்கள் உண்மையான கடவுச்சொல்லுக்குப் பதிலாக, நானே உருவாக்கிய ஒன்றை இங்கே வைத்திருக்கிறேன்:

```
GET /r?t=-17.8 HTTP/1.1
Authorization: Basic a2FkYWk6TXVydWtrdTc=
```

`Basic` என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதுதான் நீங்கள் பாதுகாப்பானது என்று சொல்லும் சரம். இதை உருவாக்கும் முறை மிக எளிது. பயனர் பெயரை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, கடவுச்சொல்லை எழுத வேண்டும். அது `kadai:Murukku7`. இங்கே ஓர் எழுத்து ஒரு பைட், ஒரு பைட்டில் எட்டு பிட். பிறகு மூன்று மூன்று பைட்டாக எடுத்து, அந்த 24 பிட்களை ஆறு ஆறாக நான்கு துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய எழுத்தை அட்டவணையில் பார்த்து எழுத வேண்டும்: 0 முதல் 25 வரை பெரிய எழுத்துகள், 26 முதல் 51 வரை சிறிய எழுத்துகள், 52 முதல் 61 வரை இலக்கங்கள், கடைசி இரண்டும் + மற்றும் /. முதல் மூன்று எழுத்துகளைக் கையாலேயே போட்டுக் காட்டுகிறேன்:

```
k        a        d
01101011 01100001 01100100

011010 110110 000101 100100
26     54     5      36
a      2      F      k
```

`a2Fk` கிடைத்துவிட்டது. மேலே உள்ள சரத்தின் தொடக்கமும் அதுதான். மொத்தம் 14 பைட்கள் இருப்பதால் கடைசியில் இரண்டு பைட் மட்டுமே மிஞ்சுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இறுதியில் `=` நிற்கிறது. திரும்பி வரவும் இதே வழிதான்: எழுத்திலிருந்து எண், எண்ணிலிருந்து பிட், பிட்டிலிருந்து எழுத்து. காகிதமும் பென்சிலும் போதும். கணினியில் என்றால் ஒரே வரி:

```
echo 'a2FkYWk6TXVydWtrdTc=' | base64 -d
```

அந்த வரிகூட எனக்குத் தேவைப்படவில்லை. வயர்ஷார்க் தானாகவே அந்தச் சரத்தைப் பிரித்து, அதன் கீழே `Credentials` என்று போட்டுப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் காட்டிவிடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சில சரங்களைக் கண்ணாலேயே படித்துவிடுவார்கள். `YWRtaW46` என்று தொடங்கினால் அது `admin:` என்பது எங்களுக்கு மனப்பாடம்.

இந்தக் கணக்கில் எங்காவது சாவி வந்ததா? வரவில்லை. ஆர்எஃப்சி 4648 என்ற பொது ஆவணத்தில் அட்டவணை அச்சாகியிருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் எதுவும் இதில் கலக்கவில்லை. 1234 என்பதைத் தமிழ் எண்களில் ௧௨௩௪ என்று எழுதிவிட்டு, வங்கி அட்டையின் எண்ணைப் பூட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஏற்பீர்களா? தமிழ் எண் தெரியாதவர் ஒரு கணம் விழிப்பார், தெரிந்தவர் படித்துவிட்டுப் போவார். பேஸ்64 உருவானதும் ஒளிப்பதற்காக அல்ல. வெறும் எழுத்துகளை மட்டுமே சுமக்கக்கூடிய இடங்களில் எந்தப் பைட்டும் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். மின்னஞ்சல் இணைப்புகளும் அப்படித்தான் பயணம் செய்கின்றன.

கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும் என்று உங்கள் கையேடு ஒரு பக்கம் முழுக்க அறிவுரை சொல்கிறது. பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் சேர்த்து 40 எழுத்து வைத்தாலும் இந்தச் சரம் நீளும், அவ்வளவுதான். படிப்பதற்கு அதே ஒரு வரி போதும். கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை. மேலே `Basic` என்று கண்ட இந்தப் பேசிக் முறையில் ஒவ்வொரு கோரிக்கையிலும் பெயரும் கடவுச்சொல்லும் மறுபடி போகின்றன. உங்கள் கருவி நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 1,440 முறை. புதிய கடவுச்சொல்லும் அடுத்த நிமிடமே வெளியே வந்துவிடும்.

பேசிக் முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வரையறுக்கும் ஆர்எஃப்சி 7617, இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் போன்ற வெளிப் பாதுகாப்போடு சேராத வரை இது பாதுகாப்பான முறை ஆகாது என்று 2015ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. `https://` முகவரிக்குப் போனால் இந்த `Authorization` வரி உட்படக் கோரிக்கை முழுவதுமே மறையாக்கம் ஆகிவிடும். அதற்கான சாவியைக் கருவியும் உங்கள் சேவையகமும் ஒவ்வொரு இணைப்பிலும் தங்களுக்குள் உருவாக்கிக்கொள்கின்றன. வழியில் முழுவதையும் பிடித்து வைத்திருப்பவரிடமும் அந்தச் சாவி இருக்காது. மடிக்கணினியிலிருந்து உங்கள் இணையப் பக்கத்துக்குள் நுழைந்தபோது அதையும் பிடித்துப் பார்த்தேன். துறை என்பது சேவையகத்தின் எண்ணிட்ட வாசல். 443ஆம் துறையில் பொருளற்ற பைட்கள்தான் ஓடின, அதே வடிகட்டியில் ஒரு வரிகூட விழவில்லை. உங்கள் அதிகாரி தொலைபேசியில் சுட்டிக்காட்டிய பூட்டுச் சின்னம் அந்தப் பக்கத்துக்கு உரியது. கருவியோ 80ஆம் துறையில், `http://` முகவரிக்கு வெளிப்படையாகப் பேசுகிறது.

“எல்லாக் கோரிக்கைகளும் https முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றன” என்று இரண்டாவது மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், உங்கள் சேவையகம் 301 என்று பதில் தருவதை நானும் பார்த்தேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கருவி கடவுச்சொல்லை முதலில் அனுப்புகிறது, அதற்குப் பிறகுதான் “அந்த வாசலுக்குப் போ” என்ற பதில் வருகிறது. கசிவு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடுத்த நிமிடம் கருவி மீண்டும் பழைய வாசலுக்கே போகிறது.

வரம்பை மாற்றியது யார் என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வழி திறந்தே கிடந்தது என்பதை நிரூபித்துவிட்டேன். நான்கு கடைகளுக்கும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் இயங்கும், பொதுக் கடவுச்சொல் கொண்ட வலையமைப்பில், அந்தச் சொல் தெரிந்தவர் கருவி இணையும் தருணத்தின் பரிமாற்றத்தையும் பிடித்துவிட்டால், அந்த இணைப்பில் கருவி அனுப்புவதைப் படிக்கலாம். அந்தச் சொல் தெரிந்து அங்கே வந்துபோகும் எவராலும் இது முடியும். எங்கள் அக்கா மட்டுமே காரணம் என்று சொல்ல உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை.

எனவே நான் கேட்பது இவை. எங்கள் ஊழியர் குறித்து எழுதிய வாக்கியத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது, ஆகையால் தமிழிலும் இருக்கட்டும். 410 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து, நேரடியாக `https://` முகவரிக்கே போகவும், சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்க்கவும் செய்யுங்கள். அதற்குப் பிறகு கருவிகளுக்கான 80ஆம் துறையை முழுவதுமாக மூடுங்கள்.

கருவி பயன்படுத்தும் கடவுச்சொல்லே உங்கள் இணையப் பக்கத்தையும் திறப்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. வெப்பநிலையை எழுத மட்டுமே உரிமையுள்ள தனி அடையாளம் கருவியிடம் இருந்திருந்தால், அதைத் திருடியவரால் எச்சரிக்கை வரம்பைத் தொட்டிருக்கவே முடியாது. எங்கள் மூவரின் சொந்தக் கைத்தொலைபேசி எண்களும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, கைவசமுள்ள தனிநபர் தரவைக் காக்க நியாயமான ஏற்பாடுகளை நிறுவனம் செய்ய வேண்டும் என்கிறது. இதே கருவியைப் பயன்படுத்தும் மற்ற கடைகளுக்கும் இந்தக் கசிவைத் தெரிவித்துவிட்டீர்களா என்பதையும் பதிலில் குறிப்பிடுங்கள்.

பிடித்துவைத்த பதிவுக் கோப்பு என்னிடம் உள்ளது. உங்கள் பொறியாளர் கேட்டால் நேரில் காட்டுகிறேன். கடவுச்சொல் அடங்கிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப மாட்டேன். அதுவரை கருவியைக் கழற்றி வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் அக்காதான் வெப்பமானியைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார். 14 நாட்களுக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாடிக்கையாளர்