கதண்டு கொட்டியவரை பைக்கின் நடுவில் உட்காரவைக்காதீர்கள்

100 நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வாய்க்கால் தூர்வாரும்போதும் கரையில் புதர் வெட்டும்போதும் கதண்டு கொட்டிய பெண்களை நீங்கள்தான் எங்களிடம் கொண்டுவந்தீர்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பனங்கன்று ஒன்றின் காய்ந்த மட்டையை அரிவாளால் இழுத்திருக்கிறார்கள். உள்ளே கூடு இருந்தது யாருக்கும் தெரியாது. ஏழெட்டுப் பேருக்குக் கொட்டிவிட்டது. அதில் இரண்டு பேரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு அக்காவுக்கு மூன்றே கொட்டு, கழுத்திலும் கையிலும். இன்னொரு அம்மாவுக்கு முதுகு, தலை எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல்.

எல்லோரும் நாற்பது கொட்டு வாங்கிய அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று கொட்டு வாங்கிய அக்கா ஓரமாக உட்கார்ந்து, உள்ளங்கை அரிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, குரல் கம்மல், மயக்கம். பதறிப்போய் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது நாடி கைக்குச் சிக்கவில்லை.

கொட்டுகளின் எண்ணிக்கையை வைத்து இந்த ஆபத்தை அளக்க முடியாது. முன்பு எப்போதோ கொட்டு வாங்கிய உடம்பு அந்த விஷத்தை நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை அலர்ஜியாக அளவுக்கு மீறிப் பொங்கிவிடும். அப்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. மிச்ச ரத்தம் காலில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்துபோகிறது. அந்த நிலையில் ஆளை எழுப்பி நிறுத்தினாலோ, நிமிர்த்தி உட்காரவைத்தாலோ இதயத்துக்கு இறைக்க ரத்தமே இருக்காது. படுத்திருந்தவர் எழுந்த சில நொடிகளில் இறந்துபோவது இப்படித்தான். நாம் உதவியாக நினைத்துச் செய்யும் பைக் பயணமே உயிரை எடுத்துவிடலாம்.

அதனால் தலைசுற்றல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, நாக்கோ உதடோ வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு இழுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் எது வந்தாலும் ஆளை அங்கேயே மல்லாக்கப் படுக்கவையுங்கள். மண் அள்ளும் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இரண்டு காலையும் தூக்கிவையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கதண்டு கொட்டி மயக்கம் என்று சொல்லுங்கள், வெறும் பூச்சிக்கடி என்று சொல்லாதீர்கள். மூச்சுவிடத்தான் கஷ்டம் என்றால் முதுகுக்கு அணைகொடுத்து, காலை நீட்டியபடி உட்காரலாம், ஆனால் நடக்கக் கூடாது. கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் வேன், லோடு ஆட்டோ என்று ஆளைப் படுக்கவைக்க முடிகிற வண்டி எதுவானாலும் சரி.

தடிப்பு இல்லையே என்று சமாதானமாகிவிடாதீர்கள். சிலருக்குத் தடிப்பே வராமல் நேராக மயக்கம்தான் வரும். பெரும்பாலும் இதெல்லாம் முதல் அரைமணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஆகவே கொட்டு வாங்கியவரைக் குறைந்தது ஒரு மணி நேரம் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான், அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கச் சதையில். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அந்த அக்காவுக்கு இரண்டு ஊசியும் டிரிப்பும் போட்ட பிறகுதான் நாடி திரும்பியது. செட்டிரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், இறங்கிய ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பொன்னான நேரத்தை இழப்பது. தேறிவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்கச் சொல்வோம், ஏனென்றால் அடங்கியது திரும்பக் கிளம்புவதுண்டு. பிரஷருக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அட்ரினலின் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

சரி, நாற்பது கொட்டு வாங்கிய அம்மா? அவருக்கு மூச்சு நன்றாக இருந்தது, பேசினார். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, மாடு கட்ட வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்தார். சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி என்றார். இது அலர்ஜி இல்லை, விஷத்தின் அளவு. அவ்வளவு விஷம் சேர்ந்தால் தசைநாரும் ரத்த அணுக்களும் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துதான் அவரை மீட்டார்கள். அன்றைக்கே அனுமதித்து, டிரிப் ஏற்றி, ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். அதை வலியுறுத்தாமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி.

கதண்டு பத்துப் பதினைந்து இடத்துக்கு மேல் கொட்டியிருந்தால், ஆள் எவ்வளவு தெம்பாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் அனுப்ப வேண்டும். அடுத்த மூன்று நாள் சிறுநீர் என்ன நிறம், எவ்வளவு போகிறது என்று வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறதே, மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

ஒன்றிரண்டு கொட்டு, வேறு தொந்தரவு இல்லை என்றால் செய்ய வேண்டியது குறைவு. முதலில் கூட்டைவிட்டு முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். பூச்சியை அடித்து நசுக்கக் கூடாது, அந்த வாடைக்கு மற்றவை கிளம்பிவரும். கதண்டின் கொடுக்கு அதனிடமே இருக்கும், திரும்பத் திரும்பக் கொட்டும். தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். அதை நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள், எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைக்கலாம். கையில் கொட்டியிருந்தால் வளையல், மோதிரத்தையும், காலில் என்றால் மெட்டியையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வேண்டாம், வெந்துபோன தோலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொட்டிய கை இரண்டு நாள் வரை வீங்கிக்கொண்டே போவது வழக்கம்தான், அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே குடிநீர், நிழலோடு முதலுதவிப் பெட்டியும் பணித்தளத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. பெட்டியில் சோப்பும் செட்டிரிசினும் இருக்கட்டும். மூடியின் உள்பக்கம் அருகில் உள்ள சுகாதார நிலையத்தின் போன் நம்பரையும், படுக்கவைக்க முடிகிற வண்டி வைத்திருப்பவரின் நம்பரையும் எழுதி ஒட்டுங்கள். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு நடை போய், பனை மட்டையிலும் புதரிலும் பூச்சிகள் ஒரே இடத்துக்குப் போய்வருகின்றனவா என்று தள்ளி நின்று பாருங்கள். கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து அழிக்கும்வரை அந்தப் பகுதியில் வேலை ஒதுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்