மிதக்கும் பனிக்கட்டியும் 4 டிகிரி நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்நாடுகளில் ஏரி மேலே உறைந்து கிடந்தாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருப்பது எப்படி என்று சென்ற வார மாணவர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். 4 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி மிக அதிகம், அதனால்தான் ஏரி அடிவரை உறைவதில்லை என்று அதில் முடித்திருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "அப்பம் அந்த நாலு டிகிரி இல்லன்னா ஏரி பூரா ஐஸாயிரும்லா தாத்தா?" என்று கேட்டாள். ஆகாது. நீரின் இரண்டு தனித்தனிக் குணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் சந்தேகம் இது. பாளையங்கோட்டையில் பல வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதைப் பிரித்து எழுதத் தோன்றியது.

ஒரு கனமீட்டர் நீரை எடுத்துக்கொள்வோம். 4 டிகிரியில் அதன் எடை ஏறக்குறைய 1000 கிலோ. அதே கனமீட்டர் நீர் 0 டிகிரிக்குக் குளிர்ந்து, ஆனால் இன்னும் உறையாமல் இருந்தால், எடை சுமார் 130 கிராம்தான் குறையும். அதுவே உறைந்த பனிக்கட்டியாக இருந்தால் 917 கிலோ. அதாவது 83 கிலோ குறைவு. ஒன்று கிராம் கணக்கு, மற்றொன்று கிலோ கணக்கு. பனிக்கட்டி மிதப்பதற்குக் காரணம் இந்த 83 கிலோ. 4 டிகிரி நீர் அடியில் தங்குவதற்குக் காரணம் அந்த 130 கிராம்.

83 கிலோ எங்கே போயிற்று? உறைந்த நிலையில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. நெல்லையப்பர் தேரோட்டத்தில் தொண்டர்கள் கைகோத்து அரண் கட்டி நின்றால், அதே ஆட்கள் கூட்டத்தில் நெருக்கி நிற்பதைவிட அதிக இடம் அடைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் இதுவும். பனிக்கட்டி உருகும்போது சில பிடிகள் விட்டுப்போய், இடைவெளிக்குள் மூலக்கூறுகள் நுழைந்துகொள்கின்றன. நீர் சுருங்குகிறது. 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை இந்தச் சுருக்கத்தின் மிச்சம் கொஞ்சம் நடக்கிறது. அதற்கு மேல் சூடேறினால் வழக்கமான விரிவு ஜெயித்துவிடுகிறது.

இனி ஏரிக்கு வருவோம். 10 மீட்டர் ஆழம், இலையுதிர் காலத்தில் நீர் முழுவதும் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே போகும், கீழிருந்த நீர் மேலே வரும். இந்தப் புரளல் ஏரி முழுக்க 4 டிகிரி ஆகும்வரை நடக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அடியில் இருப்பது 10,000 கிலோ நீர். அதை 12-லிருந்து 4-க்கு இறக்க 80,000 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். அதன்பின் குளிரும் நீர் லேசாகி மேலேயே நின்றுவிடுவதால், மேலடுக்கு மட்டும் 0-க்குப் போனால் போதும், காற்றில்லாத ஒரே இரவில் ஏரியின் மேல் ஏடு படர்ந்துவிடும்.

இந்த 4 டிகிரிக் குணம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலும் 40,000 கிலோகலோரி வெளியேறி, ஏரி முழுவதும் 0 டிகிரியான பிறகே உறையத் தொடங்கும். 10 சென்டிமீட்டர் பனிக்கட்டி உண்டாக வெளியேற வேண்டிய வெப்பம் சுமார் 7,300 கிலோகலோரிதான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக, 4 டிகிரிக் குணத்தால் ஏரி சீக்கிரமே உறைகிறது! அது செய்யும் நன்மை, அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பை மிச்சம் வைப்பது. ஏரி அடிவரை கட்டியாகாமல் தடுப்பது அதன் வேலை இல்லை.

அந்த வேலையைச் செய்வது மிதக்கும் பனிக்கட்டி. ஏடு படர்ந்தபின் நீரின் வெப்பம் அந்தப் பனிக்கட்டியைக் கடந்துதான் வெளியேற முடியும். தடிக்கத் தடிக்க அதுவே தடையாகிறது. பொதுவாகக் குளிர் ஒரே அளவில் நீடித்தால், தடிமன் இரண்டு மடங்காக நான்கு மடங்கு நாள் பிடிக்கும். மேலே பனித்தூள் விழுந்தால் இன்னும் தாமதம். பனிக்கட்டி மூழ்குவதாக இருந்தாலோ, உண்டாவதெல்லாம் அடிக்குப் போய், மேலே எப்போதும் வெறும் நீர் குளிர்காற்றில் கிடக்கும். ஏரி அடியிலிருந்து கட்டியாகிக்கொண்டே வரும். கோடையிலும் சூடான நீர் மேலேயே நிற்பதால் அடியில் கிடக்கும் பனிக்கட்டி சீக்கிரம் உருகாது.

இதற்குச் சான்று வேண்டுமானால் அண்டார்டிகா கடலைப் பாருங்கள். கடல் நீரின் உப்பளவில் அந்த 4 டிகிரிக் குணமே கிடையாது. உறையும்வரை கனத்துக்கொண்டே போகும். அங்கே பனிக்கட்டிக்கு அடியில் உள்ள நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரி. அதிலும் மீன்கள் இருக்கின்றன. அவற்றின் இரத்தத்திலுள்ள ஒருவகைப் புரதம் பனித்துகள் வளரவிடாமல் தடுக்கிறது.

கட்டுரையோடு வந்த படத்தில் எல்லா ஏரிக்கும் அடியில் 4 டிகிரி என்று போட்டிருந்தீர்கள். அதுவும் சரியல்ல. 130 கிராம் வித்தியாசத்தைக் கலைக்க ஒரு நல்ல காற்று போதும். உறையும் முன் காற்று பலமாக அடித்தால், ஆழம் குறைந்த ஏரி முழுவதும் 2 டிகிரி, 1 டிகிரி வரைகூட இறங்கிவிடும். பனிக்கட்டியில் துளையிட்டு, கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினால் தெரிந்துவிடும்.

கட்டுரை தொடாத இன்னொன்று மூச்சு. பனிக்கட்டிமேல் பனித்தூள் கனமாகப் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. நீர்ச்செடிகள் ஆக்சிஜன் விடுவது நின்றுபோகும். அடியில் அழுகும் குப்பை இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுகொண்டே இருக்கும். வெளிக்காற்றும் கலக்க வழியில்லை. ஆழமில்லாத ஏரிகளில் நீர் உறையாமலே மீன்கள் செத்து, வசந்தத்தில் பனி விலகும்போது கூட்டமாக மிதப்பது இதனால்தான். சில இடங்களில் அடியில் குழாய் போட்டுக் காற்றுக்குமிழி விடுகிறார்கள். குமிழி மேலே ஏறும்போது அடி நீரையும் இழுத்துவருகிறது. அந்த வெதுவெதுப்பில் பனிக்கட்டி உருகி ஒரு திறப்பு உண்டாகிறது, காற்று படுகிறது. அதிகம் விட்டால் அடியின் வெதுவெதுப்பும் போய்விடும் என்பதால் அளவோடுதான் செய்ய வேண்டும்.

உறைந்த குளத்தை நம்மூர்ப் பிள்ளைகள் பார்க்க வழியில்லை. ஆனால் 1805-இல் தாமஸ் ஹோப் வெளியிட்ட சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். உயரமான உலோக ஜாடியில் மேலே ஒன்று, அடியில் ஒன்றாக இரண்டு தெர்மாமீட்டர். ஜாடியின் இடுப்பைச் சுற்றி மட்டும், மீன்கடைக்காரர்கள் உடைத்துப் போடும் ஐஸும் கல்லுப்பும். நம் வெயிலுக்கு ஃபிரிட்ஜில் வைத்த நீரில் தொடங்கி, மேலும் கீழும் தெர்மாகோல் சுற்றிவிடுங்கள், ஜாடியை அசைக்க வேண்டாம். முதலில் அடித் தெர்மாமீட்டர் இறங்கி 4-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அப்புறம்தான் மேலே உள்ளது வேகமாக இறங்கி 0-க்குப் போகும். வரும் இதழில் திருத்திய படத்தோடு இந்தச் சோதனையையும் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.