மின்கம்பியில் அமரும் காகமும் கேள்வி-பதில் பகுதியில் வந்த விடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயரழுத்த மின்கம்பியில் அமரும் பறவைகளை மின்சாரம் ஏன் தாக்குவதில்லை என்று மாணவி ஒருவர் கேட்ட கேள்விக்கு, பறவைகளின் கால் செதில்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதே காரணம் எனத் தங்கள் இதழின் கேள்வி-பதில் பகுதியில் விடை வெளிவந்திருந்தது. மின்பகிர்மானப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த விடை தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட என்று சொல்ல வேண்டியிருக்கிறது. காகத்தைக் காப்பது அதன் கால் தோல்தான் என்று நம்பும் பிள்ளை, ரப்பர் செருப்பு போட்டிருந்தால் தனக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்க அதிக நேரம் ஆகாது.

ஓர் உடலின் வழியே மின்சாரம் பாய வேண்டுமானால், அந்த உடல் தொடும் இரண்டு இடங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்க வேண்டும். குழாயால் இணைக்கப்பட்ட இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால், தொட்டிகள் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் குழாயில் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரே கம்பியில் இரு கால்களையும் வைத்து அமர்ந்திருக்கும் காகத்தின் நிலையும் அதுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கிராமப்புறத்தில் ஓடும் 11,000 வோல்ட் லைனின் அலுமினியக் கம்பிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ஓம் மின்தடை என்று கொள்வோம். அதில் 50 ஆம்பியர் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கிறது. காகத்தின் இரு கால்களுக்கும் இடைவெளி 5 சென்டிமீட்டர். அந்தச் சிறு துண்டுக் கம்பியின் மின்தடை 0.00005 ஓம். ஆகவே இரு கால்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 0.0025 வோல்ட்தான், டார்ச் லைட்டில் போடும் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது 600-இல் ஒரு பங்கு. காகத்தின் உடல் மின்தடையை வெறும் 1,000 ஓம் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அதன் வழியே பாய்வது ஓர் ஆம்பியரின் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. மனிதர்களுக்கு இலேசான கூச்சம் தெரியவே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வேண்டும். காகத்தின் கால் நனைந்திருந்தாலும், அதில் செதிலே இல்லாமல் போனாலும், இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

மனிதனும் இதே முறையில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க முடியும் என்பதே இதற்குச் சிறந்த சான்று. நம் நாட்டில் 4 லட்சம் வோல்ட் கோபுர லைன்களில் மின்சாரத்தை நிறுத்தாமலேயே பழுது பார்க்கும் பயிற்சி பெற்ற குழுக்கள் இருக்கின்றன. மின்கடத்தா ஏணியில் கோபுரத்திலிருந்து விலகிச் சென்று, கம்பியோடு தங்கள் உடையை முதலில் இணைத்துக்கொண்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்குகிறார்கள். அவர்கள் அணிவது மின்சாரத்தைத் தடுக்கும் உடை அன்று. உலோக இழை சேர்த்து நெய்த, மின்சாரத்தை நன்கு கடத்தும் உடை. அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் மிகக் கடுமையானது. அதை உடையே ஏற்றுக்கொள்வதால் உள்ளே இருப்பவருக்குப் பாதிப்பில்லை. பறவைகளும் இத்தகைய லைன்களின் மின்கம்பிகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, கோபுரத்தின் மீதோ உச்சியில் ஓடும் எர்த் கம்பியின் மீதோ அமர்வதைக் காணலாம்.

அப்படியானால் தரையில் நிற்பவருக்கு மட்டும் என்ன நேர்கிறது? 11,000 வோல்ட் என்பது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள அழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 6,350 வோல்ட் உண்டு. துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மரின் நடுமுனை தரையோடு இணைக்கப்பட்டிருப்பதால், கம்பியிலிருந்து உடலுக்குள் நுழையும் மின்சாரம், பாதம் வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே துணை மின்நிலையத்துக்குத் திரும்பிச் சுற்றை நிறைவு செய்கிறது. உடலின் மின்தடை 1,000 ஓம், பாதம் மண்ணைத் தொடும் இடத்தில் 2,000 ஓம் என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் 2 ஆம்பியருக்கு மேல். அதில் இருபதில் ஒரு பங்கு ஒரு வினாடி நேரம் மார்பின் வழியே சென்றாலே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். தேய்ந்த, ஈரமான, ஆணி குத்திய செருப்பை இந்த அழுத்தத்துக்கு எதிரான காப்பாக ஒருபோதும் கருத முடியாது.

தேங்காயோ முருங்கைக்காயோ பறிக்க இரும்புத் துரட்டியை உயர்த்துபவர், கம்பியை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஆனால் கம்பியையும் தரையையும் தம் உடலால் இணைத்துவிடுகிறார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததும் இப்படி இணைப்பு ஏற்பட்டதால்தான்.

இரண்டு இடங்களைத் தொட்டுவிட்டால் பறவைக்கும் விதிவிலக்கு இல்லை. டிரான்ஸ்பார்மர் மேடையில் எர்த் செய்யப்பட்ட இரும்புச் சட்டத்தின் மீது அமர்ந்த காகம், தலையை நீட்டிப் பீங்கானின் உச்சியில் உள்ள முனையைத் தொட்ட மறுகணமே பியூஸ் போய்விடும். பீங்கானில் கருகிய தடமும், கீழே மண்ணில் இறகு தீய்ந்த காகமும் கிடந்தால் லைன்மேன் வேறு காரணம் தேடுவதில்லை. பழந்தின்னி வவ்வாலின் சிறகு விரிந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும்; பக்கத்துக் கம்பியை அது எளிதில் தொட்டுவிடும். அப்படி இறந்து, கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் வவ்வால்களை நம்மில் பலரும் பார்த்திருப்போம்.

கேள்வி கேட்ட மாணவிக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒருவரைக் கொல்ல 2 ஆம்பியர் போதும். ஆனால் துணை மின்நிலையத்தில் லைனைத் துண்டிக்கும் ரிலே, பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் தரைக்குப் பாய்ந்தால்தான் இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் அறுந்து, காய்ந்த மண்ணிலோ கான்கிரீட்டிலோ கிடக்கும் கம்பியில், பொறியோ சத்தமோ இல்லாமல் மின்சாரம் அப்படியே இருக்கக்கூடும். அதைத் தொடாவிட்டாலும் ஆபத்து உண்டு. கம்பி கிடக்கும் இடத்தைச் சுற்றி மண்ணின் மின்னழுத்தம் அடிக்கு அடி குறைந்துகொண்டே போவதால், அகலமாகக் கால் வைத்து நடப்பவரின் இரு பாதங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் வேறுபாடு வந்துவிடலாம். மாடுகள் இவ்வகையில் எளிதில் இறப்பதற்குக் காரணம், முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே உள்ள தூரமும், அவற்றுக்கு நடுவே இதயம் இருப்பதும்தான். அருகில் சென்றுவிட்டதாக உணர்பவர் ஓடக் கூடாது. இரு பாதங்களையும் ஒட்டி வைத்தபடி, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி விலகி வந்து, மற்றவர்களும் கால்நடைகளும் அந்தப் பக்கம் போகாமல் தடுத்துவிட்டு, மின்வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வெளியான விடையைத் திருத்தி, அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பொறியாளர்,
கும்பகோணம்.