2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: காதால் கேட்டுப் பணம் கட்டுவது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, லயத்திலிருந்தும் தாமானிலிருந்தும் வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயலவை இவ்வாண்டு 9 முறை கூடியது. 11 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், 4 பேர் காலமானார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பையும், தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் போன ஆண்டு போலவே கொடுத்தோம். மண்டபத்தின் பின்பக்கக் கூரை இன்னும் ஒழுகுகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நாம் அதிக நேரம் செலவிட்டது ஒரு வகுப்புக்குத்தான். பார்வை இல்லாதவர்களும் பார்வை குறைந்தவர்களுமாக 8 உறுப்பினர்கள், கைப்பேசியில் தாங்களே பணம் கட்டக் கற்றுக்கொண்டார்கள். பாதிப்பேருக்குச் சர்க்கரையால் கண் போனது. ஒருவர் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். இன்னொருவர் பிறவியிலேயே பார்வை இல்லாத தம்பி, பிரிக்பீல்ட்ஸில் உடம்புபிடி நிலையத்தில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் ஊருக்கு வருபவர். வகுப்புக்கு வாத்தியார் அவர்தான். நான் நாற்காலி போட்டு, தேநீர் ஊற்றி, குறிப்பு எடுத்தேன்.

பிள்ளைகளே கட்டிவிடலாமே, வகுப்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். முன்பு அப்படித்தான் நடந்தது. அம்மாவின் கணக்கை ஷா ஆலாமில் இருக்கும் மகன் இயக்குவார், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு வாசித்துச் சொல்வார். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசியில்தான் ஒப்புதல் கொடுக்க முடியும் என்றும் ஆயிற்று. மோசடியைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அம்மாவின் ஒப்புதல் மகனுடைய கைப்பேசிக்குப் போய்விட்டால், அம்மா தன் சொந்தக் காசுக்கு மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒப்புதலை அவரவர் கைப்பேசிக்கே மாற்றிக்கொண்டு, திரைவாசிப்பானோடு பழக்குவது என்று முடிவு செய்தோம்.

திரைவாசிப்பான் தனியாக வாங்கும் பொருள் இல்லை. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததை வாசிக்கும், இடப்பக்கம் தள்ளினால் முந்தையதை வாசிக்கும், இருமுறை தட்டினால் அழுத்தியதாகக் கொள்ளும். இந்த மூன்றும் வந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. குரலை மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வைத்துக்கொண்டோம். செயலி மலாயில் இருக்கும்போது தமிழ்க் குரலை வைத்தால் அது வாசிப்பது எவருக்கும் புரியவில்லை.

சரி, பசார் மாலாமில் நடந்த கதைக்கு வருகிறேன். மே மாதம் நம் அக்கா ஒருவர் காய்கறிக் கடையில் 12 வெள்ளிக்கு வாங்கினார். கடைக்கார தம்பி டுயிட்நவ் கியூஆர் அட்டையை நீட்டினார். அது அச்சடித்து ஒட்டிய அட்டை, அதில் தொகை இருக்காது. கட்டுபவர்தான் அடிக்க வேண்டும். அக்கா 1, 2 என்று அடித்தார். கைப்பேசியும் "ஒன்று, இரண்டு" என்று சொன்னது. உறுதி செய்தார், பச்சை வட்டத்தில் சரிக்குறி வந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தார். அடுத்த வாரம் அக்கா போனபோது தம்பியின் முகம் சரியில்லை.

"அக்கா, போன வாரம் 12 வெள்ளிக்கு 12 காசு போட்டிருக்கீங்க."

"பன்னிரண்டுன்னுதானே தம்பி அமுக்கினேன், காதால கேட்டேனே!"

அக்கா சொன்னது பொய்யில்லை. அவர் முன்பு பயன்படுத்திய மின்பணப்பையில் 12 என்று அடித்தால் 12 வெள்ளி. புதிதாகப் போட்ட வங்கிச் செயலியில் தொகைப் பெட்டி 0.00 என்று தொடங்கும், அடிக்கும் எண் வலக்கோடியில் காசாகப் போய் நிற்கும். 1 அடித்தால் 0.01, 2 அடித்தால் 0.12. அங்கே 12 வெள்ளி வேண்டுமென்றால் 1, 2, 0, 0 என்று நான்கு முறை அடிக்க வேண்டும். கண் தெரிந்தவர் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். திரைவாசிப்பான் அவரவர் தட்டிய விசையை மட்டும் திருப்பிச் சொன்னது, பெட்டிக்குள் என்ன ஆனது என்று சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். இந்தப் பழக்கத்தில் 8 வெள்ளி 50 காசுக்கு 8, 5, 0 என்று அடித்துப் பழகியவர், மின்பணப்பையில் அதே மாதிரி அடித்தால் 850 வெள்ளி ஆகிவிடும். ஒரு தாத்தாவுக்கு அப்படித்தான் ஆனது. பணப்பையில் 60 வெள்ளிதான் இருந்ததால் தப்பித்தார். ஏழ்மையும் சில நேரம் காவல் காக்கிறது.

இதிலிருந்து வகுப்பில் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். அடிக்கும்போது வரும் குரலைக் கணக்கில் எடுப்பதில்லை. அடித்து முடித்ததும் இடப்பக்கம் தள்ளித் தள்ளி தொகைப் பெட்டிக்குத் திரும்பிப் போய், அது RM12.00 என்று வாசிக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கு அடுத்த பக்கத்தில் பெறுபவர் பெயரும் தொகையும் வரும். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் தள்ளி இரண்டையும் கேட்ட பிறகுதான் உறுதிசெய்யும் பொத்தானுக்குப் போக வேண்டும். சில கடைகளில் கடைப் பெயருக்குப் பதில் முதலாளியின் சொந்தப் பெயர் வரும், அதனால் ஒருமுறை கடையில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பார்வை குறைந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வேறு சிக்கல். எழுத்தைப் பெரிதாக்கினால் சில செயலிகளில் தொகையின் வால் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அவர்களும் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்கிறார்கள்.

உறுதி செய்த பிறகு வரும் மௌனம் அடுத்த தொல்லை. வெற்றிச் சரிக்குறி வெறும் படமாக இருந்து, செயலி எழுதியவர்கள் அதற்குச் சொல் எதுவும் வைக்காமல் விட்டிருந்தால், திரைவாசிப்பானுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நொடி தோன்றி மறையும் சிறு அறிவிப்பும் சில நேரம் வாசிக்கப்படாமலே போய்விடும். ஒரு அண்ணன் சத்தம் வரவில்லையே என்று பின்னால் போய் மறுபடி கட்டினார், இரண்டு முறையும் காசு போய்விட்டது. கடைக்காரர் நல்லவர், திருப்பிக் கொடுத்தார். இப்போது சத்தம் வராவிட்டால் மறுபடி கட்டுவதில்லை. பரிவர்த்தனைப் பட்டியலுக்குப் போய் மேலே முதல் வரியைக் கேட்கிறோம். அந்தத் தொகை, அந்த நேரம் இருந்தால் போய்விட்டது என்று பொருள்.

கடைகளில் இப்போது வைத்திருக்கும் பேசும் பெட்டி இதற்கு நல்ல துணை. காசு கடைக்காரர் கணக்கில் சேர்ந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும். நம் கைப்பேசி சொல்வது அனுப்பியவர் பக்கத்துக் குரல், பெட்டி சொல்வது பெற்றவர் பக்கத்துக் குரல். அந்தக் காய்கறிக் கடையில் அன்று பெட்டி இருந்திருந்தால் 12 காசு என்று அதே நிமிடம் சொல்லியிருக்கும், மனக்கசப்பே வந்திருக்காது. ஆனால் பெட்டி தொகையை மட்டும் சொல்லும், யார் கட்டியது என்று சொல்லாது. கூட்டமான கடையில் முன்னால் நின்றவரின் 5 வெள்ளியை நம்முடையது என்று நினைத்துவிடலாம். செம்பனைக் காட்டுப் பக்கம் இணைப்பு மந்தமானால் பெட்டி தாமதமாகப் பேசும். ஆகவே பெட்டி பேசினால் நிம்மதி, பேசாவிட்டால் பட்டியல்.

நம் உறுப்பினர்களில் வடை சுட்டு விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பார்வை மிகக் குறைவு. போலிப் படத்தைக் காட்டிக் காசு போட்டுவிட்டேன் என்று ஏமாற்றும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவரிடம் இது செல்லவில்லை. படத்தை நீட்டினால் அவருக்குத் தெரியாது, பெட்டி பேசாமல் வடை கைமாறாது.

கியூஆரைப் பிடிக்கும் வித்தையை வாத்தியார் தம்பி காட்டினார். கைப்பேசியை அட்டையின் மேல் படுக்கவைத்து, அப்படியே ஒரு சாண் அளவுக்கு மெதுவாகத் தூக்கினால் பெரும்பாலும் பிடித்துவிடும். அட்டை எங்கே இருக்கிறது என்று கை அறிய வேண்டும், அதனால் நம் திருவிழா நீர்மோர்ப் பந்தல் அட்டையின் கீழ்மூலையில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினோம். செலவு ஒன்றுமில்லை. அதே தம்பிக்கு ஒருநாள் மினி மார்க்கெட்டில் தன் கியூஆரைக் காட்டும்போது, "ஒன்றுமே தெரியவில்லையே" என்று கல்லாவில் சொன்னார்களாம். பக்கத்தில் நிற்பவர் பார்க்காமல் இருக்க ஐபோனில் திரையைக் கறுப்பாக்கி வைக்கும் வசதி உண்டு. அவர் எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார். மூன்று விரலால் மூன்று முறை தட்டித் திரையைத் திறந்த பிறகுதான் கருவி படித்தது.

ரகசிய எண் அடிக்கும்போது ஒரு காதில் மட்டும் செவிப்பொறி மாட்டச் சொல்கிறோம், மறு காது கடைக்காரருக்கு. சில செயலிகள் தாங்களே வரைந்த விசைப்பலகையை வைத்திருக்கின்றன. அதில் விரல் படும் ஒவ்வொரு எண்ணும் சத்தமாக வெளியே கேட்கும். எண்களின் இடத்தை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடும் விசைப்பலகையும் உண்டு, அதில் விரல் பழக்கம் உதவாது, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகஸ்டில் ஓர் உறுப்பினரின் வங்கிச் செயலி திறக்கவே மறுத்தது. திரையை வாசிக்கும் அனுமதியை மோசடிச் செயலிகளும் கேட்டு வாங்கித்தான் காசைத் திருடுகின்றன. அதனால் அந்த அனுமதி பெற்ற அந்நியச் செயலி இருந்தால் சில வங்கிகள் கதவை அடைத்துவிடும். தேடிப் பார்த்தால், பேரன் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு செயலிக்கு அந்த அனுமதி இருந்தது. அதை நீக்கியதும், டாக்பேக் அப்படியே இருக்க, வங்கிச் செயலி திறந்தது. அந்த வங்கிக்கு நாம் எழுதிய கடிதத்தில் இரண்டே கோரிக்கை: தொகைப் பெட்டி ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் முழுத் தொகையை வாசிக்க வேண்டும், வெற்றிப் பக்கம் வாய் திறந்து பேச வேண்டும். கடித எண் வந்தது, பதில் வரவில்லை. செயலவை மீண்டும் எழுதும்.

தவறி மோசடிக்காரரிடம் காசு போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 997. இதை 8 பேர் கைப்பேசியிலும் பதிந்து வைத்தாயிற்று.

வகுப்பு வரும் ஆண்டிலும் ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடரும். முக்கியச் சாலையிலுள்ள கடைகளுக்குப் போய் அட்டை மூலையில் பொத்தான் ஒட்ட அனுமதி கேட்க இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். காய்கறிக் கடைத் தம்பிக்கு அக்கா மீதி 11 வெள்ளி 88 காசைக் கட்டிவிட்டார், பெட்டியும் வாங்கிவிட்டார் தம்பி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்