முதலில் பெயரைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 15 அன்று வெள்ளைக் கைத்தடி நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நடக்கும் வழியில் படி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பதை அந்தக் கைத்தடி எனக்குச் சொல்லிவிடும். எதிரே வந்து நிற்பவர் யார் என்பதை மட்டும் அதனால் சொல்ல இயலாது. அதை வருபவர்தான் சொல்ல வேண்டும். அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கண் நீர் அழுத்த நோயால் நடுவயதில் பார்வையை முற்றிலும் இழந்தவன் நான். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சென்ற ஆவணியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தபோது, மண்டபத்தில் அமர்ந்திருந்த என் இரு கைகளையும் ஒருவர் பற்றிக்கொண்டு, "நான் யாரென்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். மேடையில் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் அவர் குரல் எனக்குப் பாதிதான் எட்டியது. இரண்டு பெயர்களைச் சொன்னேன், இரண்டும் தவறு. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "என்னையே மறந்துவிட்டீர்களே" என்று வருத்தத்துடன் அவர் கையை விடுவித்துக்கொண்டு சென்ற பிறகுதான், அருகே வந்த என் மனைவி, அவர் என்னோடு எட்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்த நண்பர் என்று சொன்னார். அதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

பார்வையற்றவர்கள் குரலைக் கேட்டவுடன் ஆளைக் கண்டுகொள்வார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். நாள்தோறும் வாசலில் குரல் கொடுக்கும் பால்காரரை ஒரே சொல்லில் நான் அறிந்துகொள்வது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, எதிர்பாராத இடத்தில், இரைச்சலுக்கு நடுவே, சளி பிடித்த தொண்டையுடன் ஒருவர் பேசினால் எனக்குப் பிடிபடாது. தபால்காரரைச் சீருடையில்லாமல் வெளியூர்ச் சந்தையில் பார்க்கும் கண்ணுள்ளவர்களும் சற்றுத் தடுமாறத்தானே செய்கிறார்கள்?

ஆகவே என்னைக் காண்பவர்கள் முதலில் என் பெயரைச் சொல்லி அழைத்து, அடுத்துத் தங்கள் பெயரையும், தேவையானால் எப்படிப் பழக்கம் என்பதையும் சொன்னால் போதும். என் பெயரைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நான்கு பேர் நிற்கும் அலுவலகத்தில் "வணக்கம் சார்" என்றால் அது யாருக்கான வணக்கம் என்பது எனக்குத் தெரியாது. விடைபெறும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். ஆள் எழுந்து போனது தெரியாமல், காலி நாற்காலியிடம் நான் பேசிக்கொண்டிருந்த நாள்கள் உண்டு.

உதவி செய்வதற்கும் இதுவே தொடக்கம். ஒருமுறை பேருந்தில் ஏற முயன்றபோது, நல்லெண்ணம் கொண்ட ஒருவர் எதுவும் சொல்லாமல் பின்னாலிருந்து என் தோள்களைப் பிடித்துத் தூக்கினார். படியின் உயரத்தை அளந்துகொண்டிருந்த கைத்தடி நழுவியது. முழங்கால் படியில் மோதிச் சிராய்த்தது. அதே நிறுத்தத்தில் வேறொரு நாள் ஒரு கல்லூரி மாணவி, தன் பெயரையும் படிப்பையும் சொல்லி, "எந்தப் பேருந்துக்கு நிற்கிறீர்கள் ஐயா, நான் உதவட்டுமா?" என்று கேட்டார். சரி என்றதும், "எப்படி அழைத்துச் செல்லட்டும்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே நான் பிடித்துக்கொண்டேன். அவர் அரை அடி முன்னால் நடந்தார். இப்படிப் பிடித்தால், முன்னே செல்பவர் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கையின் அசைவிலேயே எனக்குத் தெரிந்துவிடும். வேண்டாமென்று தோன்றினால் பிடியை விடவும் என்னால் முடியும். என் கையை அவர் பிடித்து இழுத்தால் இந்த இரண்டுமே எனக்கு இல்லாமல் போகும். பேருந்து வந்ததும் வாசல் கம்பியின் மீது என் கையை வைத்து, "மூன்று படிகள், முதல் படி உயரம்" என்றார். நான் ஏறி அமர்ந்த பின், ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "நடத்துநரிடம் உங்கள் ஊரைச் சொல்லிவிட்டேன், நான் கிளம்புகிறேன் ஐயா" என்ற குரல் கேட்டது.

பழகிய வழியில் செல்லும் நாளில் "வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்" என்று நான் சொல்வதும் உண்டு. கேட்டவரை மதிக்காமல் சொல்லும் சொல் அன்று அது. அதை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திருமண மண்டபத்தில் என் கையைப் பற்றிய நண்பர் இந்த இதழை விடாமல் வாசிப்பவர் என்பதால், அவருக்கும் ஒரு வரி: என் தொலைபேசி எண் மாறவில்லை; பெயரைச் சொல்லி ஒருமுறை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.