2024-25 ஆண்டறிக்கை: ரிஸ்க் பட்டியலுக்கு மதிப்பெண் போட்ட கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு குழு பதினொரு முறை கூடியது. கிழக்குப் பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இரண்டு லிஃப்டுக்கும் ஏஎம்சி புதுப்பித்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதில் உங்கள் ஒப்புதலும் தேவைப்படுகிறது.

சென்ற பொதுக்குழுவில் நம் கட்டடத்துக்கு ஒரு ரிஸ்க் பட்டியல் தயாரிக்கச் சொன்னீர்கள். எது முதலில், எது பிறகு என்று பார்த்துச் செலவு செய்யலாம் என்பது நோக்கம். பத்து வரிகள் எழுதினோம். நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை போட்டு, இரண்டையும் பெருக்கச் சொல்லி ஆறு பேரிடம் தாளைக் கொடுத்தோம். "பேஸ்மென்டில் தண்ணீர் புகுதல்" என்ற வரிக்கு ஒருவர் 4 போட்டிருந்தார், ஒருவர் 12, இன்னொருவர் 25. ஆறு பேரும் இதே வேளச்சேரியில் இதே கட்டடத்தில் இருப்பவர்கள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். 4 போட்டவர் 2015 டிசம்பர் மாதிரியான வெள்ளம் அரிது என்று வாய்ப்புக்கு 2 கொடுத்திருந்தார். இப்போது மோட்டார் இருக்கிறதே என்று பாதிப்புக்கும் 2. 25 போட்ட அம்மா, ஒவ்வொரு மழைக்கும் சுவரோரம் கசிகிறதே என்று வாய்ப்புக்கு 5 கொடுத்துவிட்டு, பாதிப்புக்கு மட்டும் கார்கள் மிதந்த அந்த இரவை நினைத்து 5 கொடுத்திருந்தார். இருவருமே நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த கேள்விதான் மூன்று இடங்களில் ஓட்டையாக இருந்தது.

முதல் ஓட்டை, சொற்கள். "அரிது", "நடக்கலாம்" என்பவற்றுக்கு ஆளுக்கொரு அளவு. 1951-இல் யூகோஸ்லாவியா தாக்கப்படலாமா என்று அமெரிக்க உளவுத்துறை தந்த அறிக்கை, அதற்குக் கணிசமான வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது. எழுதியவர்களையே பிறகு கேட்டபோது, அந்தச் சொல்லுக்கு நூற்றுக்கு 20 என்று பொருள் கொண்டவரும் இருந்தார், 80 என்று கொண்டவரும் இருந்தார். எனவே சொற்களைப் பெயராக மட்டும் வைத்துக்கொண்டு, அளவை ஆண்டுக் கணக்கில் கட்டினோம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ நடந்தால் 5. ஓராண்டைத் தாண்டி மூன்று ஆண்டுக்குள் ஒரு முறை என்றால் 4, மூன்றைத் தாண்டிப் பத்துக்குள் என்றால் 3, பத்தைத் தாண்டி ஐம்பதுக்குள் என்றால் 2, அதற்கும் அரிதானால் 1. சரியாகப் பத்தாண்டு என்றால் 3-இல் சேரும் என்பதையும் எழுதிவைத்தோம். எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் அங்கேயே அடுத்த சண்டை தொடங்கும். கணக்கு முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து. ஒரு லிஃப்டுக்கு, ஒரு வீட்டுக்கு என்று தனித்தனியாக இல்லை.

இரண்டாவது, பாதிப்பு என்றால் எதன் பாதிப்பு? பொருளாளர் பணத்தைப் பார்த்தார், தாத்தா பாட்டி உள்ள வீட்டார் லிஃப்ட் நின்ற நாட்களைப் பார்த்தார்கள். அதனால் உயிர்/உடல், சங்கத்தின் பணம், தண்ணீர்-மின்சாரம்-லிஃப்ட் இல்லாத நாட்கள் என மூன்று பத்திகள் வைத்தோம். மூன்றிலும் போட்டுப் பார்த்து, எது அதிகமோ அதுவே அந்த வரியின் மதிப்பு. சராசரி எடுத்தால் ஒரு உயிர்ச்சேதம்கூட 2.3 ஆகிவிடும். பணப் பத்தியை நம் கார்ப்பஸ் நிதியைப் பார்த்து வகுத்தோம்: 10 ஆயிரம் வரை 1, 50 ஆயிரம் வரை 2, இரண்டரை லட்சம் வரை 3, பத்து லட்சம் வரை 4, அதற்கு மேல் 5. பத்து லட்சத்தைத் தாண்டினால் வீடு வீடாகச் சிறப்பு வசூல் செய்யாமல் நம்மால் சமாளிக்க முடியாது. அதனால்தான் அங்கே கோடு.

மூன்றாவதுதான் உண்மையில் எங்களை அலைக்கழித்தது. வாய்ப்பு ஒரு நிகழ்வுக்கும் பாதிப்பு வேறொரு நிகழ்வுக்குமாகப் போடப்பட்டிருந்தது. கசிவு அடிக்கடி வரும், சேதம் குறைவு. வெள்ளம் எப்போதாவது வரும், சேதம் அதிகம். இரண்டையும் ஒரே வரியில் அடைத்ததால் கசிவின் வாய்ப்பும் வெள்ளத்தின் சேதமும் கைகோத்து 25 ஆகிவிட்டது. வரியை இரண்டாகப் பிரித்து, "மழையில் சாய்தளம் வழியே நீர் இறங்கி, பேஸ்மென்டில் ஓரடிக்கு மேல் தேங்குதல்" என்று திருத்தினோம். கட்டடம் 2009-இல் வந்தது. இந்த அளவுக்கு 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் தேங்கியது. பதினாறு ஆண்டில் இரண்டு முறை, அதாவது எட்டாண்டுக்கு ஒன்று, மதிப்பு 3. 2023-இல் மின் பேனல் நனைந்து நான்கு நாள் மின்சாரமில்லை, சங்கத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் செலவு. அதைப் பார்த்தால் பாதிப்பு 4. ஆனால் சென்ற ஆண்டு பேனலைத் தரைத்தளத்துக்கு ஏற்றிவிட்டோமே? இன்றைக்கு இருக்கும் பாதுகாப்பைக் கணக்கில் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று முடிவெடுத்து 3 ஆக்கினோம். உதிரி மோட்டாரை மட்டும் சேர்க்கவில்லை. கடந்த மூன்று மாதத்தில் ஓட்டிப் பார்த்ததாகப் பதிவேட்டில் இல்லாத எதுவும் பாதுகாப்பாகாது என்பது விதி.

விதிகளை எழுதிய பின் அதே ஆறு பேர், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், மறுபடி போட்டார்கள். முன்பு பத்து வரிகளில் ஏழில் இரண்டு படிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இப்போது ஒரே ஒரு வரியில்தான். அது செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும்போது ஆள் உள்ளே இறங்கி விஷவாயு தாக்குவது. பாதிப்புக்கு 2 போட்டிருந்தவரிடம் கேட்டபோது, "உயிர் என்று நம் குடியிருப்பாளர்களைத்தானே கேட்டீர்கள்?" என்றார். எங்கள் வரையறையில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது, அது என் தவறு. காம்பவுண்டுக்குள் வரும் எவருடைய உயிரும் அந்தப் பத்தியில் அடங்கும் என்று அன்றே சேர்த்தோம். வாய்ப்புக்கும் சிலர் "இங்கே நடந்ததே இல்லை" என்று 1 போட்டிருந்தார்கள். பதினாறு ஆண்டு நடக்கவில்லை என்பது ஐம்பதாண்டுக்கு ஒரு முறைகூட நடக்காது என்பதற்குச் சான்றல்ல. நம் பதிவேட்டுக்கு அந்த வயது இல்லை. ஆகவே இங்கே நடக்காதவற்றுக்கு, வேறு சான்று இல்லாதவரை, 2-க்குக் கீழே போடக் கூடாது.

பெருக்குவதையும் விட்டுவிட்டோம். நீச்சல்குளக் கைப்பிடி ஆடுவது 5×1, செப்டிக் டேங்க் மரணம் 1×5 என்று யாராவது போட்டால் இரண்டும் 5 ஆகிவிடும். இந்த எண்கள் வரிசையைக் காட்டுபவைதான். தராசில் நிறுத்தவை அல்ல. அதற்குப் பதிலாக இருபத்தைந்து கட்டங்களுக்கும் கையால் நிறம் தீட்டியிருக்கிறோம். உயிர்ப் பத்தியில் 5 வாங்கும் எந்த வரிக்கும் பச்சை கிடையாது. செப்டிக் டேங்க் வரி சிவப்பில் நிற்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இனி இயந்திர வண்டி வைத்து மட்டுமே எடுப்போம், அன்று குழு உறுப்பினர் ஒருவர் அருகில் நிற்பார்.

பொதுக்குழுவிடம் கேட்பது இரண்டு. பணப் பத்தியின் தொகைகளுக்கு ஒப்புதல் தாருங்கள். உங்கள் பணத்தில் எது பெரிய இழப்பு என்பதைக் குழு தானாக முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் குழுவில் இல்லாத ஒருவர் அடுத்த மதிப்பீட்டுக்கு வர வேண்டும். பருவமழைக்கு முன் செப்டம்பரில் உட்காருவோம். விதித்தாளும் நிறக்கட்டமும் காவலாளி அறைப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. ஒரு வரியை இரு விதமாகப் படிக்க முடிகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் அதன் ஓரத்தில் பேனாவால் எழுதிவையுங்கள்.

இவண்,
செயலாளர்